கண்ட நகர்விலிருந்து புவித்தட்டுக் கோட்பாடு வரை: ஐந்தாம் விரிவுரையின் படிப்புக் குறிப்புகள்

முதலாமாண்டு நிலவியல் வகுப்பின் ஐந்தாம் விரிவுரைப் பதிவு 59 நிமிடம் 20 விநாடி நீளமுடையது. சதுர அடைப்புக்குள் உள்ள எண்கள் பதிவின் நிமிடத்தையும் விநாடியையும் குறிக்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர்கள் [22:50] முதல் [38:40] வரையுள்ள பகுதியை மட்டுமாவது முழுமையாகக் கேட்க வேண்டும். விரிவுரையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் சொன்னவற்றோடு நான் சேர்த்த விளக்கங்கள் "குறிப்பு" என்று தொடங்குகின்றன.

விரிவுரையின் மையக் கேள்வி [02:10]

முதல் இரண்டு நிமிடங்கள் வகுப்பு அறிவிப்புகள் என்பதால் அவற்றைத் தாண்டிச் செல்லலாம். அதன்பின் எழுப்பப்படும் கேள்வி இது: கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கான சான்றுகளை ஆல்ஃபிரட் வெகனர் 1912-லேயே முன்வைத்திருந்தும், அக்கருத்தை நிலவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ள 1960கள் வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றும் இக்கேள்விக்கு எந்த அளவு விடை தருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் முழு விரிவுரையும் கோவையாக நினைவில் நிற்கும்.

வெகனரின் சான்றுகளும் எதிர்ப்பும் [06:15 – 17:30]

[06:40] வெகனர் நிலவியலாளர் அல்லர், வானிலை ஆய்வாளர். 1912 ஜனவரியில் தம் கருத்தை உரையாக வெளியிட்ட அவர், 1915-இல் அதை நூலாக விரித்தெழுதினார். எல்லாக் கண்டங்களும் ஒரு காலத்தில் ஒன்றாக இணைந்திருந்தன என்பது அவர் வாதம். அந்தப் பெருநிலத்தை இன்று பாஞ்சியா என்கிறோம்.

[08:20] தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதை வெகனருக்கு முன்பே பலர் கவனித்திருந்தனர். பொருத்திப் பார்க்க வேண்டியது கரைக்கோட்டையன்று, நீருக்கடியில் உள்ள கண்டத்திட்டின் விளிம்பை என்று பேராசிரியர் வலியுறுத்துகிறார். கரைக்கோடு கடல்மட்டத்தோடு மாறக்கூடியது, கண்டத்தின் உண்மையான முடிவிடம் அந்த விளிம்பே.

[10:05] புதைபடிவச் சான்றுகளில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். மீசோசாரஸ் என்னும் சிறிய ஊர்வனவின் எச்சங்கள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைக்கின்றன; அகன்ற பெருங்கடலை நீந்திக் கடக்கக்கூடிய விலங்கு அன்று அது. குளோசாப்டெரிஸ் என்னும் தாவரத்தின் எச்சங்களோ தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகிய ஐந்து நிலங்களிலும் கிடைக்கின்றன.

[12:30] இன்று வெப்பமண்டலத்தில் இருக்கும் நிலங்களில் பழங்காலப் பனிப்பாறைகள் உரசிய கீறல்கள் காணப்படுகின்றன. நிலங்களை இன்றைய இடத்திலேயே வைத்துப் பார்த்தால், பனி கடலிலிருந்து நிலத்தை நோக்கி ஏறியதாகக் கொள்ள வேண்டிவரும். கண்டங்களை ஒன்றாக இணைத்தால் கீறல்கள் ஒரே மையத்திலிருந்து வெளிநோக்கி விரிகின்றன. என் பார்வையில் வெகனரின் சான்றுகளில் மிக வலுவானது இதுதான்.

[14:50] எதிர்ப்பின் அடிப்படை, நகர்த்தும் விசை எது என்பதே. புவியின் சுழற்சியால் எழும் விசையையும் ஓதவிசையையும் வெகனர் காரணம் காட்டினார். கண்டங்களை நகர்த்த அவை சிறிதும் போதா என்று ஹெரால்டு ஜெஃப்ரிஸ் போன்ற புவி இயற்பியலாளர்கள் மறுத்தனர். இந்த மறுப்பு சரியானதே என்பதைப் பேராசிரியர் தெளிவாகச் சொல்கிறார்: வெகனரின் முடிவு சரி, அவர் சொன்ன காரணம் தவறு. வெகனர் 1930-இல் கிரீன்லாந்துப் பயணத்தின்போது இறந்தார்.

[16:40] புவியின் உட்பகுதியில் வெப்பச்சலனம் நிகழ்ந்து கண்டங்களைச் சுமந்து செல்லலாம் என்று ஆர்தர் ஹோம்ஸ் 1920களின் இறுதியில் கூறினார். அன்று அதற்கு நேரடிச் சான்று இல்லை.

புவியின் அடுக்குகள் [17:30 – 22:50]

[18:10] மேலோடு, கவசம், கருவம் என்பது வேதிப் பொருள்களின் அடிப்படையிலான பகுப்பு. பாறைக்கோளம், மென்கோளம் என்பது பாறையின் விறைப்பை வைத்துச் செய்யும் பகுப்பு. நகர்வது மேலோடு மட்டுமன்று. மேலோடும் அதன் கீழே ஒட்டியுள்ள கவசத்தின் விறைப்பான மேற்பகுதியும் சேர்ந்ததே பாறைக்கோளம். அதன் துண்டே புவித்தட்டு. பாறைக்கோளத்திற்குக் கீழே உள்ள, விறைப்புக் குறைந்த அடுக்கே மென்கோளம். கடலடி மேலோட்டின் தடிமன் ஏறத்தாழ 7 கி.மீ.தான், ஆனால் தட்டின் தடிமன் 100 கி.மீ. அளவில் இருக்கும்.

[21:00] குறிப்பு: தட்டுகள் பாறைக்குழம்பின் மீது மிதக்கின்றன என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். மென்கோளம் மிகப் பெரும்பாலும் திடநிலையிலேயே இருக்கிறது. உருகுநிலைக்கு அருகிலான வெப்பத்தில் இருப்பதால், நீண்ட காலப்போக்கில் மெதுவாக வழிந்தோடுகிறது.

கடலடி தந்த விடை [22:50 – 38:40]

[23:15] 1950களில் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் ஆகியோர் எதிரொலி ஆழமானித் தரவுகளைக் கொண்டு அட்லாண்டிக் கடலடியை வரைந்தனர். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை முதலில் கண்டறிந்தவர் தார்ப். கடலடி அங்கே பிளந்து விலகுகிறது என்பதற்கான முதல் பெரிய அடையாளம் இது.

[26:00] கடலடி மலைத்தொடரில் புதிதாக உருவாகி, இரு பக்கமும் விலகி, ஆழ்கடல் அகழிகளில் மீண்டும் உள்ளே அமிழ்கிறது என்று ஹாரி ஹெஸ் 1962-இல் எழுதினார். கண்டங்கள் கடலடியைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டியதில்லை, அதனோடு சேர்ந்தே செல்கின்றன. இந்த ஒரு திருப்பத்தில் வெகனருக்கு எதிரான முக்கியத் தடை விலகிவிட்டது.

[28:30] இவ்வளவுக்குப் பிறகும் அது கருத்தளவிலேயே இருந்தது. அதை அளவிடக்கூடியதாக்கியது 1963-இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் வெளியிட்ட ஆய்வு. புவியின் காந்தப்புலம் இடையிடையே தலைகீழாகத் திரும்புகிறது. மலைத்தொடரில் வெளிவரும் எரிமலைக்குழம்பு குளிரும்போது அன்றைய காந்தத் திசை பாறையில் பதிந்துவிடுகிறது. ஆகவே மலைத்தொடரின் இரு பக்கமும் ஒன்றன் எதிரொளி போல மற்றொன்று அமைந்த காந்தப் பட்டைகள் உருவாக வேண்டும். அளவீடுகளில் அவ்வாறே தென்பட்டன. கனடாவின் லாரன்ஸ் மோர்லி இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தும், அவர் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கவில்லை.

[32:20] கரும்பலகையில் போடப்படும் கணக்கு இது. இதை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். கடைசிக் காந்தத் திருப்பம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அந்தத் திருப்பத்தின் எல்லை மலைத்தொடரின் மையத்திலிருந்து 9.75 கி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 9.75 கி.மீ. என்பது 9,75,000 செ.மீ.; அதை 7,80,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 1.25 செ.மீ. வருகிறது. இது ஒரு பக்கத்தின் வேகம் மட்டுமே. இரு தட்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகம் இதன் இருமடங்கு, அதாவது ஆண்டுக்கு 2.5 செ.மீ. அட்லாண்டிக்கின் வேகம் இந்த அளவில்தான் இருக்கிறது. இந்த இருமடங்கைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

[34:05] குறிப்பு: இவ்விடத்தில் பதிவில் "ஆண்டுக்கு மீட்டர்" என்று கேட்கிறது. திரையில் செ.மீ. என்றே எழுதப்பட்டுள்ளது, அதுவே சரி.

[35:30] 1968-இல் தொடங்கிய குளோமார் சேலஞ்சர் கப்பலின் துளையிடல், மலைத்தொடரிலிருந்து விலகிச் செல்லச் செல்ல கடலடியின் வயது கூடுவதை உறுதிசெய்தது. மையக் கேள்விக்கு [37:50]-இல் தரப்படும் விடையின் சாரம்: சான்று மட்டும் போதவில்லை, நகர்வு எங்கே, எந்த வேகத்தில் நிகழ்கிறது என்பதை அளந்து சோதிக்க வழி பிறந்த பின்னரே அறிவியல் உலகம் மனம் மாறியது.

தட்டு எல்லைகள் [38:40 – 49:30]

[39:00] விலகும் எல்லைக்கு எடுத்துக்காட்டு நடு அட்லாண்டிக் மலைத்தொடர். கடல்மட்டத்திற்கு மேலே அதை ஐஸ்லாந்தில் காணலாம்.

[40:45] நெருங்கும் எல்லையில் கடலடித் தட்டு மற்றொன்றின் கீழ் அமிழலாம், அல்லது இரு கண்டங்கள் மோதலாம். அமிழும் தட்டோடு தொடர்புடைய நிலநடுக்கங்கள் ஏறத்தாழ 700 கி.மீ. ஆழம்வரை பதிவாகின்றன, அவற்றின் ஆழங்களை வரைபடத்தில் குறித்தால் சாய்ந்திறங்கும் தட்டின் வடிவமே தெரிகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவிற்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கமும் அமிழ்வு மண்டலத்தில்தான் நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்திற்குப் பிளவு நழுவி, கடலடி மேலெழும்பியதால் ஆழிப்பேரலை உருவானது.

[44:10] இந்தியத் தட்டு வடக்கு நோக்கி வந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியாவுடன் மோதத் தொடங்கியதன் விளைவு இமயமலை. கண்ட மேலோடு அடர்த்தி குறைந்தது என்பதால் எளிதில் அமிழாது. எனவே மடிந்து தடிக்கிறது.

[46:30] பக்கவாட்டில் உரசி நகரும் எல்லையில் தட்டு புதிதாக உருவாவதும் இல்லை, அழிவதும் இல்லை. இதை 1965-இல் விளக்கியவர் டூசோ வில்சன். கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

[48:00] எல்லையில் அமையாத ஹவாய்த் தீவுகள், கவசத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடமான ஒரு வெப்பப்புள்ளியின் மீது பசிபிக் தட்டு நகர்வதால் உண்டானவை. இது மிக வேகமாகச் சொல்லப்படுகிறது, மெதுவாக்கிக் கேளுங்கள்.

நகர்த்தும் விசை [49:30 – 54:00]

[50:20] கவசத்தின் சலனம் தட்டைச் சுமந்து செல்கிறது என்ற பழைய படத்தைப் பேராசிரியர் திருத்துகிறார். குளிர்ந்து அடர்த்தி கூடிய கடலடித் தட்டு தன் எடையாலேயே கீழிறங்கி, பின்னால் உள்ள பகுதியை இழுக்கிறது. முதன்மை விசை இந்த இழுவையே என்று இன்று பெரும்பாலோர் கருதுகின்றனர். நீண்ட அகழிகளோடு இணைந்த பசிபிக் தட்டு வேகமாகவும், அகழி மிகக் குறைவாக உள்ள ஆப்பிரிக்கத் தட்டு மெதுவாகவும் நகர்வது இதற்கு ஆதரவான சான்று. உயர்ந்த மலைத்தொடரிலிருந்து சரிந்து தள்ளும் விசை துணையாக அமைகிறது.

கேள்வி நேரம் [54:00 – 59:20]

[54:25] கடலடி புதிதாக உருவாகிக்கொண்டே இருந்தால் புவி பெரிதாகுமா என்று ஒரு மாணவி கேட்கிறார். உருவாகும் அளவுக்கு அகழிகளில் அமிழ்வும் நிகழ்வதால் அவ்வாறு ஆவதில்லை. இதனால்தான் பெருங்கடல்களின் அடியில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை அரிதாக இருக்க, கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழைய பாறையும் எஞ்சியிருக்கிறது.

[57:10] இந்நகர்வை இன்று நேரடியாக அளக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஜிபிஎஸ் நிலையங்களால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வையும் அளக்க முடிகிறது. அம்முடிவுகள் காந்தப் பட்டைகளிலிருந்து கணித்த வேகங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

சுயசோதனை

பதிவைப் பார்க்காமல் விடை எழுதி, பிறகு குறிப்பிட்ட இடத்தில் சரிபார்க்கவும். வெகனரை எதிர்த்தவர்களின் வாதம் எந்த அளவில் நியாயமானது [14:50]? தட்டும் மேலோடும் ஒன்றல்ல என்பதை எவ்வாறு நிறுவுவீர்கள் [18:10]? மலைத்தொடரின் மையத்திலிருந்து 39 கி.மீ. தொலைவில் 7,80,000 ஆண்டு வயதுடைய எல்லை இருந்தால், இரு தட்டுகளும் விலகும் வேகம் என்ன [32:20]? கடைசிக் கேள்விக்கு ஆண்டுக்கு 10 செ.மீ. என்று விடை வர வேண்டும், 5 செ.மீ. வந்திருந்தால் ஒரு பக்கத்தை மட்டுமே கணக்கிட்டிருக்கிறீர்கள்.