கிராம் சாயமேற்றமும் பாக்டீரியா வளர்ச்சி வளைகோடும்: படவில்லைகளுக்கான விளக்கவுரை

இந்த விளக்கவுரை, பலதொழில்நுட்பக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்காக சிராங்கூன் சாலையில் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் காட்டப்படும் பதினோரு படவில்லைகளுக்கு உரியது. படங்கள் உங்கள் பாடத்தொகுப்பில் ஏற்கெனவே இருப்பவைதாம். அவற்றில் சொல்லாமல் விடப்பட்டதை மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன். சாயமேற்றத்தைத் தனிப் பாடமாகவும் வளர்ச்சி வளைகோட்டைத் தனிப் பாடமாகவும் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் முதலாவதன் விடை பல வேளைகளில் இரண்டாவதைப் பொறுத்தே அமைகிறது.

படவில்லை 1: பெயர்

இங்கே கிராம் என்பது எடையளவு அன்று. ஒரு மனிதரின் குடும்பப்பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் கார்ல் ஃபிரீட்லாண்டருடன் பணியாற்றியபோது, நுரையீரல் அழற்சியால் இறந்தோரின் திசுக்களில் பாக்டீரியாவைத் தெளிவாகக் காண ஒரு வழி தேடினார்; 1884ஆம் ஆண்டில் இந்த முறையை வெளியிட்டார். தம் முறை குறையுடையது என்பதை அக்கட்டுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டார். இன்று நாம் இறுதியில் இடும் சஃப்ரனின் சாயம் அவருடைய முறையில் இல்லை; அது பின்னர் வந்து சேர்ந்தது.

படவில்லை 2, 3: நான்கு திரவங்கள்

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரை இட்டு, வளையக்கம்பியின் நுனியில் ஒட்டும் அளவுக்கு மட்டும் பாக்டீரியாவை எடுத்து மெல்லியதாகப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, சுடரின் மீது இரண்டு மூன்று முறை கடத்திப் பூச்சை நிலைப்படுத்த வேண்டும். புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்கும்படி தகடு இருந்தால் போதும். அதற்கு மேல் சூடாக்கினால் செல் சுவர் சிதைந்து, சாயம் தாங்க வேண்டிய செல்லும் தாங்காமல் போகும்.

முதலில் கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம். அதன் நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள் எல்லாச் செல்களுக்குள்ளும் நுழைவதால், இந்த நிலையில் பார்த்தால் எல்லாமே ஊதா நிறத்தில்தான் இருக்கும். அடுத்து அயோடின் ஒரு நிமிடம். இது சாயமன்று, நிறமூன்றி. துணிக்குச் சாயமிடுவோர் படிகாரம் சேர்ப்பதைப் போன்ற வேலையைச் செய்கிறது. சாய மூலக்கூறுகளோடு சேர்ந்து, செல்லை விட்டு எளிதில் வெளியேற முடியாத பெரிய கூட்டுப்பொருளாக மாறுகிறது.

மூன்றாவதான நிறநீக்கியில்தான் விடை தீர்மானமாகிறது. எத்தனால் அல்லது அசிட்டோன் கலந்த ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் திரவம் ஊதா நிறம் இழந்து தெளியும் கணத்தில் நீரால் கழுவிவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் தகட்டின் கீழ்விளிம்பையே பாருங்கள். பூச்சின் தடிப்புக்கு ஏற்ப இந்த நேரம் மாறுவதால், நூலில் அச்சிட்டிருக்கும் நொடிக்கணக்கு உங்கள் தகட்டுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. சில நொடிகள் கூடிவிட்டால் கிராம் நேர்மறைச் செல்களும் நிறமிழக்கும். குறைந்துவிட்டால் எதிர்மறைச் செல்களும் ஊதாவாகவே நின்றுவிடும். இறுதியில் சஃப்ரனின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. நிறமிழந்த செல்கள் இளஞ்சிவப்பாகும்.

படவில்லை 4: செல் சுவரின் குறுக்குவெட்டு

இந்தப் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஆல்கஹால் உள்ளே வரும்போது இரு சுவர்களும் என்னவாகின்றன என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கிராம் நேர்மறை பாக்டீரியாவின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் பல அடுக்குகளாகத் தடித்திருக்கிறது. டைக்கோயிக் அமிலங்கள் அதனூடே செல்கின்றன. ஆல்கஹால் அந்த வலைப்பின்னலிலிருந்து நீரை உறிஞ்சுவதால் அது சுருங்கி, துளைகள் இறுகி, அயோடினோடு சேர்ந்த சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கிராம் எதிர்மறை பாக்டீரியாவில் பெப்டிடோகிளைக்கான் ஒரு மெல்லிய படலம்தான். அதற்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு கொண்ட வெளிச்சவ்வு இருக்கிறது. ஆல்கஹால் அந்தச் சவ்வின் கொழுப்பைக் கரைத்துவிட, மெல்லிய படலத்தால் சாயத்தைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை.

ஆகவே, ஊதா நிறம் உணர்த்துவது முதன்மையாகச் சுவர் தடிப்பாகவும் முழுமையாகவும் இருந்தது என்பதைத்தான். இந்த ஒரு வாக்கியத்தை ஒன்பதாம் படவில்லை வரை நினைவில் வைத்திருங்கள். செல் சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவும், மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலத்தால் போர்த்தப்பட்ட காசநோய்க் கிருமியும் இந்த முறைக்கு ஏன் இணங்குவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

படவில்லை 5: மூன்று பூச்சுகள்

இடப்புறம் திராட்சைக் கொத்துப் போலக் குவிந்திருக்கும் ஊதாக் கோளங்கள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். வலப்புறம் இளஞ்சிவப்புக் கோல்கள் எஸ்கெரிச்சியா கோலை. இவ்விரண்டையும் ஒவ்வொரு தகட்டின் இரு ஓரங்களிலும் ஒப்பீட்டுக்காகப் பூசி, நடுவில் உங்கள் மாதிரியை வையுங்கள். ஓரங்கள் தவறினால் நடுவில் தெரிவதை நம்ப வேண்டியதில்லை.

நடுவில் சங்கிலியாகத் தொடரும் ஊதாக் கோளங்கள் ஸ்டிரெப்டோகாக்கஸ் அகலாக்டியே; இதுவே பி வகை ஸ்டிரெப்டோகாக்கஸ். 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பச்சை நன்னீர் மீன் உணவோடு தொடர்புபட்டுப் பலரை நோயில் தள்ளியதும், அவ்வாண்டு டிசம்பரில் அத்தகைய உணவின் விற்பனை தடைசெய்யப்படக் காரணமானதும் இதுதான். உணவங்காடிகளில் கஞ்சியோடு வந்த மீன் தட்டு உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

படவில்லை 6: வளைகோட்டின் அச்சுகள்

வளைகோட்டைப் பார்க்கும் முன் நிற்குத்து அச்சைப் பாருங்கள். அதில் இருப்பது செல்களின் எண்ணிக்கை அன்று, எண்ணிக்கையின் மடக்கை. அதனால்தான் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் பெருக்கம் இங்கே நேர்கோடாகத் தெரிகிறது. அதோடு, இது மூடிய பாத்திரத்தில், புதிய உணவு சேர்க்காமல், கழிவை அகற்றாமல் வளர்த்த வளர்ப்பின் கோடு.

படவில்லை 7: தாமதக் கட்டமும் பெருக்கக் கட்டமும்

தாமதக் கட்டத்தில் எண்ணிக்கை ஏறுவதில்லை என்பதால் செல்கள் உறங்குவதாக எண்ணிவிடக் கூடாது. புதிய ஊடகத்துக்குத் தேவையான நொதிகளையும் ரைபோசோம்களையும் அவை ஆக்கிக்கொண்டிருக்கின்றன. செல்லின் அளவும் பெரிதாகிறது. பழைய வளர்ப்பிலிருந்து எடுத்து இட்டால் இந்தக் கட்டம் நீளும். வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த வளர்ப்பிலிருந்து எடுத்து அதே ஊடகத்தில் இட்டால் ஏறத்தாழ மறைந்தே போகும்.

பெருக்கக் கட்டத்தில் கணக்கு எளிது.

```
N = N0 × 2^n
n = (log10 N − log10 N0) / 0.301
```

படவில்லையிலுள்ள எடுத்துக்காட்டில் காலை 8 மணிக்கு ஒரு மில்லிலிட்டரில் 2 × 10^4 செல்கள், 11 மணிக்கு 1.28 × 10^6 செல்கள். அறுபத்து நான்கு மடங்கு, அதாவது ஆறு இரட்டிப்புகள். மூன்று மணி நேரத்தை ஆறால் வகுத்தால் தலைமுறைக் காலம் 30 நிமிடம். வளமான ஊடகத்தில் 37 பாகை செல்சியசில் எஸ்கெரிச்சியா கோலைக்கு இது சுமார் 20 நிமிடம்தான். தடையின்றிப் பெருகினால் ஒரே செல் ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டும். நம் ஊரில் விருந்துக்கு வரும் உணவுப் பெட்டிகளில் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ணுமாறு ஒட்டியிருக்கும் நேரச்சீட்டை, தாமதக் கட்டம் முடிந்து இந்த நேர்கோடு செங்குத்தாக ஏறும் முன் உண்டு முடியுங்கள் என்றே நான் படிக்கிறேன்.

பெனிசிலின் தாக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். புதிய பெப்டிடோகிளைக்கான் இழைகள் குறுக்காகப் பிணைவதை அது தடுக்கிறது. சுவர் கட்டாத செல்லில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

படவில்லை 8: நிலைக் கட்டமும் இறப்புக் கட்டமும்

உணவு தீர்ந்து, அமிலமும் பிற கழிவுகளும் சேர்ந்ததும் கோடு தட்டையாகிறது. சில செல்கள் பிரிய, சில இறக்க, இரண்டும் ஈடாகும் நிலை இது. புளித்த தயிர் அதற்கு மேல் அதே வேகத்தில் புளிக்காதது இதனால்தான். பேசில்லஸ் இனத்தில் அகவித்துகள் உருவாகத் தொடங்குவதும் பொதுவாக இப்போதுதான். இறப்புக் கட்டத்தில் உயிருள்ள செல்களின் எண்ணிக்கை மடக்கை அளவில் சரிகிறது.

தேர்வில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 600 நானோமீட்டரில் கலங்கல் அளந்து வரைந்த கோட்டில் இறப்புக் கட்டம் பெரும்பாலும் தெரியாது, ஏனெனில் இறந்த செல்லும் சிதையாமல் மிதக்கும்வரை ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தச் சரிவைக் காண, தட்டில் வளரும் குடியேற்றங்களை எண்ணித்தான் ஆக வேண்டும்.

படவில்லை 9, 10: இரண்டும் சந்திக்கும் இடம்

இந்த இரு படங்களும் ஒரே பாக்டீரியாவின் பூச்சுகள்; ஒன்று ஊதா, மற்றொன்று பெரும்பகுதி இளஞ்சிவப்பு. நான் பயிற்சியாளனாகச் சேர்ந்த முதலாண்டில், தீபாவளியை ஒட்டிய நீண்ட வார இறுதிக்குப் பின் பேசில்லஸ் சப்டிலிஸ் வளர்ப்பிலிருந்து பூச்சு எடுத்தேன். உருப்பெருக்கியில் இளஞ்சிவப்புக் கோல்கள். நிறநீக்கியைக் கூடுதலாக விட்டுவிட்டேன் என்று எண்ணி இரண்டாம் தகடு போட்டேன். சாயக்குப்பி பழையது என்று எண்ணிப் புதியதைத் திறந்து மூன்றாம் தகடு போட்டேன். ஓரத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் மூன்றிலும் ஊதாவாகவே இருந்ததைக் கவனிக்க எனக்கு நான்காம் தகடு தேவைப்பட்டது. சாயத்தில் பிழையில்லை. அடைகாப்பியில் மூன்று நாள் கிடந்த அந்த வளர்ப்பு நிலைக் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

மூத்த செல்களில் சுவர் புதுப்பிக்கப்படுவது குறைகிறது. செல்லின் சொந்த நொதிகளே சுவரை அரிக்கத் தொடங்குகின்றன. சுவரின் முழுமை குலைந்தால், நான்காம் படவில்லையில் சொன்ன இறுக்கம் நிகழாது, சாயம் வெளியேறிவிடும். பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் ஆகிய இனங்களில் இது விரைவாகவே நேர்கிறது. 18 முதல் 24 மணி நேர வளர்ப்பையே சாயமேற்றத்துக்கு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். எதிர்த்திசையில் இந்தத் தவறு அரிது. கிராம் எதிர்மறைச் செல்லுக்கு வயதானால் தடித்த சுவர் முளைத்துவிடுவதில்லை. எனவே ஓர் ஊதாக் கோலைவிட ஓர் இளஞ்சிவப்புக் கோலையே நான் அதிகமாக ஐயுறுவேன்.

படவில்லை 11: அடுத்த செய்முறை

வரும் வாரம் ஒவ்வொரு மேசைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் வளர்ப்புக் குழாய்கள் இரண்டு தரப்படும். ஒன்று 18 மணி நேரம் வளர்ந்தது, மற்றது 72 மணி நேரம் வளர்ந்தது. எது எது என்று குழாயில் எழுதியிருக்காது. இரண்டையும் ஒரே தகட்டில், ஒரே நேரத்தில் சாயமேற்றி, எண்ணெய் அமிழ்வு வில்லையின் கீழ் நூறு செல்களை எண்ணி, ஊதா எத்தனை, இளஞ்சிவப்பு எத்தனை என்று குறித்துக்கொண்டு, எந்தக் குழாய் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதைக் காரணத்தோடு எழுதித் தாருங்கள்.