2025/2026 மதிப்பீட்டு ஆண்டு: சம்பளம், கழிவுகள், வருமான வரி – ஆண்டுச் சுருக்கம்

கணக்குப் பகுதி, ஸ்ரான்லி வீதி அலுவலகம், யாழ்ப்பாணம்
2026 ஏப்ரல் 27

ஊழியர் இலக்கம்: 47
பதவி: சிரேஷ்ட மென்பொருள் பொறியியலாளர்
காலம்: 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை

தம்பி,

ரீ-10 சான்றிதழைத் தனியே தந்திருக்கிறேன். அதில் மொத்தச் சம்பளமும் பிடித்த வரியும் மட்டும்தான் இருக்கும். அந்த வரி எப்படி வந்தது என்பது அதில் தெரியாது. போன கிழமை நீங்கள் கேட்டது அதைத்தான். அதனால் பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் இலங்கை ரூபாயில்.

1. சம்பள வருமானம்

| விபரம் | கணக்கு | தொகை |
|---|---|---|
| அடிப்படைச் சம்பளம், ஏப்ரல்–செப்டெம்பர் | 200,000 × 6 | 1,200,000 |
| அடிப்படைச் சம்பளம், ஒக்டோபர்–மார்ச் | 230,000 × 6 | 1,380,000 |
| பயணப்படி | 20,000 × 12 | 240,000 |
| இணையம், தொலைபேசிப் படி | 10,000 × 12 | 120,000 |
| பொங்கல் போனஸ், ஜனவரி | ஒரு மாத அடிப்படைச் சம்பளம் | 230,000 |
| மொத்தம் | | 3,170,000 |

பயணப்படியும் இணையப்படியும் காசாக உங்கள் கைக்கு வருவதால் இரண்டும் வரிக்கு உட்பட்டவை. "அது பெற்றோல் அடிக்கத்தானே" என்று கேட்டீர்கள். எதற்குச் செலவழித்தீர்கள் என்று வரிக் கணக்கு பார்ப்பதில்லை. மாதாமாதம் எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுக்கும் படி சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

2. சம்பளத்திலிருந்து கழித்தவை

| விபரம் | கணக்கு | தொகை |
|---|---|---|
| ஊழியர் சேமலாப நிதி, உங்கள் பங்கு | 2,580,000 இன் 8% | 206,400 |
| முற்பணத் தனிநபர் வருமான வரி | கீழே 4ஆம் பகுதி | 132,000 |
| முத்திரைத் தீர்வை | 25 × 12 | 300 |
| ஊழியர் நலன்புரி நிதி | 500 × 12 | 6,000 |
| விழா முற்பண அறவீடு, மே–பெப்ரவரி | 6,000 × 10 | 60,000 |
| மொத்தம் | | 404,700 |

கைக்கு வந்த சம்பளம்: 3,170,000 − 404,700 = 2,765,300

உங்கள் வங்கிக் கூற்றில் நாங்கள் வரவு வைத்ததாக 2,825,300 இருக்கும். வித்தியாசம் 60,000. சித்திரை வருடத்துக்கு ஏப்ரலில் நீங்கள் எடுத்த விழா முற்பணம் அது. அது கடன். எடுத்தபோது வருமானமும் இல்லை, திருப்பிக் கட்டியபோது வரியைக் குறைக்கும் கழிவும் இல்லை.

சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்திய 12% பங்கு 309,600. ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்திய 3% பங்கு 77,400. இவை இரண்டும் உங்கள் சம்பளத்திலிருந்து போனவை அல்ல, உங்கள் வரி வருமானத்திலும் சேராது. சேமலாப நிதியில் இந்த ஆண்டு உங்கள் பெயரில் சேர்ந்தது, இரு பங்கும் சேர்த்து, 516,000.

பலருக்கும் தடுமாற்றம் வரும் இடம் ஒன்று உண்டு. உங்கள் 8% பங்கான 206,400ஐக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழு 3,170,000 இலிருந்துதான் கணக்குத் தொடங்கும். மாதச் சிட்டையில் எல்லாக் கழிவும் ஒரே நிரலில் இருப்பதால் இந்த எண்ணம் வருகிறது என்று நினைக்கிறேன். அந்த நிரலில் உள்ள எதுவும் வரியைக் குறைப்பதில்லை.

3. ஆண்டு வரி அட்டவணை

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தை 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் திருத்தியது. அதன்படி 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 1,800,000. அதற்கு மேலே வருவதற்கு:

| வரிக்குரிய வருமானம் | வீதம் | அந்தப் படிக்கு உச்ச வரி |
|---|---|---|
| முதல் 1,000,000 | 6% | 60,000 |
| அடுத்த 500,000 | 18% | 90,000 |
| அடுத்த 500,000 | 24% | 120,000 |
| அடுத்த 500,000 | 30% | 150,000 |
| மீதி முழுவதும் | 36% | – |

உங்கள் சம்பளத்துக்கு மட்டும்:

3,170,000 − 1,800,000 = 1,370,000
1,000,000 × 6% = 60,000
370,000 × 18% = 66,600
சம்பளத்துக்கான ஆண்டு வரி: 126,600

18% படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் 18% என்று பயப்பட வேண்டாம். அந்த வீதம் 370,000க்கு மட்டும்தான். ஒக்டோபரில் சம்பளம் கூடியபோது "வரியோடு பார்த்தால் நட்டமோ அக்கா?" என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். கூடிய 30,000 இல் சேமலாப நிதிக்கு 2,400உம் வரிக்கு 5,000உம் போக, 22,600 உங்களுக்கு மிஞ்சியது.

முந்தைய ஆண்டு நிவாரணம் 1,200,000 ஆகவும் படிகள் 500,000 வீதம் 6, 12, 18, 24, 30 என ஏறி, மீதிக்கு 36% ஆகவும் இருந்தன. இதே 3,170,000க்கு அந்த அட்டவணையில் 292,800 வரி வந்திருக்கும். இந்த ஆண்டு 166,200 குறைவு. இரண்டு ஆண்டுச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கேயோ பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

4. மாதாமாதம் பிடித்த வரி

மாத அட்டவணை என்பது ஆண்டு அட்டவணையைப் பன்னிரண்டால் பிரித்தது. நிவாரணம் மாதத்துக்கு 150,000. அலுவலகத்தில் நாங்கள் பாவிக்கும் குறுக்குச் சூத்திரம்: 150,000க்கு மேல் 233,333 வரை, சம்பளத்தின் 6% இலிருந்து 9,000ஐக் கழிக்க வேண்டும். 233,333க்கு மேல் 275,000 வரை, 18% இலிருந்து 37,000ஐக் கழிக்க வேண்டும்.

ஏப்ரல்–செப்டெம்பர், மாதம் 230,000:
230,000 × 6% − 9,000 = 4,800
ஆறு மாதத்துக்கு 28,800

ஒக்டோபர்–மார்ச், மாதம் 260,000:
260,000 × 18% − 37,000 = 9,800
ஆறு மாதத்துக்கு 58,800

ஜனவரி போனஸ் 230,000க்கு (ஆண்டுக் கணக்கில், விளக்கம் கீழே):
180,000 × 18% + 50,000 × 24% = 44,400

ஆண்டில் பிடித்த மொத்த வரி: 132,000

வர வேண்டியது 126,600, பிடித்தது 132,000. கூடுதல் 5,400. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். இரண்டு இடம்.

முதலாவது, மாத அட்டவணைக்கு முந்திய மாதம் நினைவில் இருப்பதில்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 6% படியில் உங்களுக்கு மாதம் 83,333 இடம் இருந்தது. நிரம்பியது 80,000தான். மிச்சமான 3,333 அடுத்த மாதத்துக்குப் போகவில்லை. ஆறு மாதத்தில் அது 20,000. ஒக்டோபருக்குப் பிறகு அதே அளவு தொகை 18% இல் விழுந்தது. வீத வித்தியாசம் 12%, ஆகவே 2,400.

இரண்டாவது போனஸ். ஜனவரியில் உங்கள் மாதச் சம்பளம் 260,000. அதை ஆண்டு முழுவதற்கும் எடுத்தால் 3,120,000. போனஸும் சேர 3,350,000. நிவாரணம் போக 1,550,000 வருவதால் 50,000 ரூபாய் 24% படியைத் தொட்டது. உண்மையில் முதல் ஆறு மாதமும் நீங்கள் 230,000தான் எடுத்தீர்கள், அந்தப் படிக்குப் போகவே இல்லை. 50,000க்கு 6% கூடுதல், ஆகவே 3,000.

ஆண்டு நடுவில் சம்பளம் கூடிய எவருக்கும் இப்படி வரக்கூடும். சம்பளம் ஒரே அளவில் ஓடியவர்களுக்கு ஆண்டு முடிவில் சரியாகப் பொருந்தும்.

5. வங்கி வட்டியும் சேர்த்து இறுதிக் கணக்கு

நீங்கள் தந்த வங்கிச் சான்றிதழ்படி, 600,000 நிலையான வைப்புக்கு 8% வட்டி 48,000. வங்கி 10% நிறுத்திவைத்தல் வரியாக 4,800ஐப் பிடித்திருக்கிறது. 2025 ஏப்ரலுக்கு முன் இது 5% ஆக இருந்தது.

வங்கி பிடித்ததோடு அந்த வட்டியின் வரி முடிந்துவிடாது. வட்டி உங்கள் சம்பளத்தின் மேலே ஏறி உட்காருகிறது. உங்கள் வருமானம் எட்டிய கடைசி வரிப் படி 18%.

| விபரம் | தொகை |
|---|---|
| சம்பள வருமானம் | 3,170,000 |
| வட்டி வருமானம் | 48,000 |
| மொத்த வருமானம் | 3,218,000 |
| தனிநபர் நிவாரணம் | − 1,800,000 |
| வரிக்குரிய வருமானம் | 1,418,000 |
| 1,000,000 × 6% | 60,000 |
| 418,000 × 18% | 75,240 |
| ஆண்டுக்கான மொத்த வரி | 135,240 |
| சம்பளத்தில் பிடித்தது | − 132,000 |
| வங்கி பிடித்தது | − 4,800 |
| மீளப் பெற வேண்டியது | 1,560 |

வட்டிக்கு 18% வீதம் வரி 8,640. வங்கி பிடித்தது 4,800. குறை 3,840. அதைச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த 5,400 ஈடுசெய்துவிட்டது. வைப்பு இன்னும் பெரிதாக இருந்திருந்தால் நீங்கள் கட்ட வேண்டி வந்திருக்கும். இந்த ஆண்டு வைப்பைக் கூட்டினால் அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

6. சேர்க்காமல் விட்டவை

நல்லூர்த் திருவிழா உபயத்துக்குக் கொடுத்த 25,000 ரூபாயின் பற்றுச்சீட்டையும் கோவையில் வைத்திருந்தீர்கள். அதை நான் கழிக்கவில்லை. சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட அறநிலையங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் கழிவு உண்டு. அதற்கும் 75,000 அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒன்று, இரண்டில் குறைந்தது என்ற எல்லை இருக்கிறது. கோயில் உபயம் அந்த வகைக்குள் வராது. பற்றுச்சீட்டு திருப்பித் தரப்பட்டுள்ளது.

அம்மாவின் பெயரில் இருக்கும் வைப்பின் வட்டியையும் சேர்க்கவில்லை. அது அவருடைய வருமானம். அவருடைய ஆண்டு வருமானம் 1,800,000க்கு உள்ளே இருப்பதால், வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து 10% பிடிக்காமல் செய்யலாம். தயவுசெய்து இதைப் பிந்தாமல் செய்யுங்கள். வயதானவர்களுக்கு மருந்துக்குப் போகும் காசு அது.

வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பூட்ட யோசிப்பதாகச் சொன்னீர்கள். பூட்டினால் அந்தச் செலவுக்கு ஆண்டுக்கு 600,000 வரை நிவாரணம் கேட்கலாம். பற்றுச்சீட்டுகள் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

7. இனிச் செய்ய வேண்டியது

வருமான வரி விபரத்திரட்டு 2026 நவம்பர் 30க்குள் இணையவழியாகப் போய்ச் சேர வேண்டும். 1,560 ரூபாயை மீளக் கேட்கும் இடமும் அதுதான், நிறுவனம் திருப்பித் தர முடியாது. பிடித்த வரி முழுவதும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டியாகிவிட்டது. ரீ-10, வங்கிச் சான்றிதழ், இந்தச் சுருக்கம் மூன்றையும் ஒரே கோவையில் வையுங்கள். ரீ-10 இல் உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் சரியாக இருக்கிறதா என்று கையெழுத்திட முன் ஒருக்கால் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பிடித்த 132,000 உங்கள் பெயரில் வரவு விழாது.

எந்தத் தொகையாவது உங்கள் சிட்டையோடு பொருந்தவில்லை என்றால் மே 8ஆம் திகதிக்கு முன் சொல்லுங்கள், பேரேட்டை எடுத்து வைத்து இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

கணக்கு அலுவலர்
சம்பளப் பிரிவு