வீட்டுப்பாடமும் கணித அடைவும்: ஆய்வு வினா, கருதுகோள்கள்

"வீட்டுப்பாடம் பயன் தருமா?" என்பது அளந்து விடை காணமுடியாத அளவுக்கு விரிந்த கேள்வி. அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து ஹாரிஸ் கூப்பரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வீட்டுப்பாடத்துக்கும் அடைவுக்குமான தொடர்பு தொடக்க வகுப்புகளைவிட 7ஆம் வகுப்பு முதல் வலுவாக இருந்தது. எனவே இவ்வாய்வு மதுரை மாவட்ட அரசுப் பள்ளிகளின் 9ஆம் வகுப்புக் கணிதத்தோடு நிற்கிறது.

ஆய்வு வினா: முந்தைய ஆண்டின் கணித மதிப்பெண், டியூஷன், பெற்றோர் கல்வி ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய பின், வாராந்திர வீட்டுப்பாட நேரமும் முடித்த வீட்டுப்பாடத்தின் விழுக்காடும் அரையாண்டுத் தேர்வின் கணித மதிப்பெண்ணோடு எவ்வாறு தொடர்புறுகின்றன?

நேரத்தையும் முடித்த அளவையும் பிரித்திருப்பது வேண்டுமென்றேதான். கணக்கு வராத பிள்ளைதான் நெடுநேரம் நோட்டோடு மல்லுக்கட்டும். நேரத்தை மட்டும் எடுத்தால் தொடர்பு தலைகீழாகவும் தெரியலாம். நேரத்தை மாணவரின் நாட்குறிப்பிலிருந்தும், முடித்த அளவை ஆசிரியரின் பதிவேட்டிலிருந்தும் எடுப்போம்.

இன்மைக் கருதுகோள் 1: வீட்டுப்பாட நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை (β₁ = 0).
மாற்றுக் கருதுகோள் 1: தொடர்பு உண்டு (β₁ ≠ 0). திசையை முன்கூட்டிச் சொல்லவில்லை. காரணம் மேலே உள்ளது.

இன்மைக் கருதுகோள் 2: முடித்த விழுக்காட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் நேர்மறைத் தொடர்பில்லை (β₂ ≤ 0).
மாற்றுக் கருதுகோள் 2: நேர்மறைத் தொடர்பு உண்டு (β₂ > 0).

இரண்டையும் பன்மடித் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில், 0.05 மிகைகாண் மட்டத்தில் சோதிப்போம். ஒரே பள்ளி மாணவர்கள் ஒத்திருப்பார்கள் என்பதால் திட்டப்பிழைகள் பள்ளிவாரியாகத் திருத்தப்படும். இது சோதனைமுறை ஆய்வல்ல. ஆகவே வினாவில் "தாக்கம்" என்ற சொல் இல்லை.