அலை நிற்கும் வரை

மதுரை
18.5.2025

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான் ராஜேஸ்வரி. 2001-இல் ஆறாம் வகுப்பு 'சி' பிரிவு. எங்கள் வகுப்பில் மூன்று ராஜேஸ்வரிகள் இருந்தோம். பீடி சுற்றுகிற வீட்டு ராஜி என்றால் உங்களுக்கு உடனே தெரியும்.

நீங்கள் 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறீர்கள் என்று நம் செட்டில் படித்த ஒருத்தி போனில் சொன்னாள். சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரிக் குழாய்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுகூட நம் மாடி அறைதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நேரில் வரும்போது பேச வராமல் போய்விடும் என்று எனக்கே தெரியும். உங்கள் முன்னால் நான் என்றைக்கும் அதிகம் பேசியதில்லை. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலேகால் மணி அடித்ததும் எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓட, நாங்கள் ஐந்து பேர் மட்டும் உங்கள் வயலின் வகுப்புக்கு மாடிப்படி ஏறுவோம். அறையில் கோரைப்பாய் விரித்திருக்கும். ஜன்னல் பக்கம் நீங்கள் உட்கார்ந்து சுருதிப் பெட்டியின் துருத்தியை ஒரு கையால் அசைத்துக்கொண்டே இருப்பீர்கள். ஐந்து பேருக்கு மூன்று வயலின். எனக்கு எப்போதும் அந்தக் கறுத்துப்போன பழைய வயலின்தான் வரும். ஓரத்தில் வார்னிஷ் உரிந்து மரம் தெரியும். அதில் என் நெஞ்சு படுகிற இடம் இப்போதும் எனக்கு அடையாளம் தெரியும்.

முதல் நாள் நீங்கள் வயலினைக் கையில் கொடுக்கவே இல்லை. சம்மணம் போட்டு உட்காரச் சொன்னீர்கள். வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தீர்கள். "வயலின் தலை இங்க உக்காரும். உன் கால்தான் அதுக்கு மணை. ஆடக்கூடாது" என்றீர்கள். கணுக்கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன். அடுத்த ஆறு வாரம் திறந்த கம்பியில் நீளமாக வில் இழுப்பது மட்டும்தான். இடது கைக்கு வேலையே கிடையாது. கூடப் படித்தவர்களில் இரண்டு பேருக்குச் சலிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, டீச்சர். வீட்டில் எந்நேரமும் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவும்தான். ஒரே ஒரு சத்தத்தை முழுசாகக் கேட்கிற இடம் எனக்கு அந்த அறை மட்டும்தான்.

அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளிவரிசை. ரிஷபத்துக்கு ஆள்காட்டி விரலைக் கம்பியின் தலைப்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும். காந்தாரத்துக்கு நடுவிரலை அங்கிருந்து எட்டிக் கொண்டுபோக வேண்டும். மத்யமம் அதற்குப் பக்கத்திலேயே. அந்தத் தூரம் எனக்கு எட்டவே இல்லை. என் கை அவ்வளவு சின்னது. காந்தாரம் ஒவ்வொரு தடவையும் தாழ்ந்தே பேசும். நீங்கள் தப்பு என்று சொல்லவில்லை. என் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் தளர்த்தி விட்டீர்கள். விரல் தானாகப் போய் விழுந்தது. அடுத்த கம்பிக்குப் போனதும், "இப்ப என்ன செய்யணும்னு நீயே பாரு" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தேன். ச ரி க ம வாசித்த அதே விரல்கள், அதே இடைவெளியில், அடுத்த கம்பியில் ப த நி ச வாசித்தன. ஒரு பாதியை அப்படியே தூக்கி மேலே வைத்த மாதிரி இருந்தது. நான் உங்களை நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். ஆரம்பப் பாடத்துக்கு ஏன் அந்த ராகம் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் இன்றைக்கும் அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்கிறேன்.

அம்மா உங்களைப் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு நான் நேராக வீட்டுக்கு வந்தால் நூல் கட்டித் தர ஒரு கை ஆகும். என்னை நிறுத்திவிடத்தான் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா டீச்சர்?" என்று கேட்டாள். நீங்கள் எழுந்து போய் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து பாயில் உட்கார வைத்தீர்கள். என் இடது கையை விரித்துக் காட்டினீர்கள். "நாலு விரலும் தனித்தனியா பேசுது பாருங்க. மத்தப் பிள்ளைகளுக்கு இதுக்கே ஆறு மாசம் ஆகும். இது உங்க வீட்டுல இருந்து வந்த கை" என்றீர்கள். அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அந்தக் கையை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் நான் தாமதமாக வந்தால் அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராத்திரி உட்கார்ந்து கணக்கைச் சரிக்கட்டிக்கொள்வாள். போன வருடம் அம்மா படுக்கையில் இருந்தபோதும் உங்களைப் பற்றித்தான் விசாரித்தாள். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டயபுரம் போனதையும் எழுதிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை, கோவில்பட்டியில் பஸ் மாறி, புளியோதரைப் பொட்டலத்தோடு போனோம். எல்லாரும் பாரதியார் பிறந்த வீட்டைத்தான் எதிர்பார்த்தோம். நீங்கள் முதலில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதிக்குக் கூட்டிப் போனீர்கள். 1835-இல் அவர் காலமானது இந்த ஊரில்தான் என்று சொல்லிவிட்டு, அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரின் கதைக்கு வந்தீர்கள். மதராஸில் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கற்று, அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டி, கடைசியில் இந்தச் சமஸ்தானத்திலேயே வித்வானாக இருந்தவர். "உங்க கையில இருக்கிற வயலின் எங்கிருந்தோ வந்ததுன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ப் பக்கத்துல ஒருத்தர் அதை நம்மளுதா ஆக்கினார்" என்றீர்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் உங்கள் பக்கத்து சீட். வழியெல்லாம் கரிசல் காடு. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட வயலினை வெளிநாட்டு வாத்தியம் என்று நினைத்ததில்லை.

இனி, இந்தக் கடிதத்தை எதற்காக எழுத ஆரம்பித்தேனோ அந்த நாள்.

ஏழாம் வகுப்பு, அரைப் பரீட்சை லீவுக்கு முன்னால். அதுவரை நீங்கள்தான் எங்களுக்குச் சுருதி சேர்த்துத் தருவீர்கள். அன்றைக்கு வயலினை என் மடியில் வைத்துவிட்டு, "இனிமே நீயே சேத்துக்கோ" என்றீர்கள். சுருதிப் பெட்டியை அசைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். எனக்குக் கை நடுங்கியது. கம்பியை முறுக்குகிற பிரடையைத் திருகினேன். ஏறவில்லை என்று நினைத்து இன்னும் திருகினேன். முதல் கம்பி பட்டென்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. வலித்தது ஒரு பக்கம். பள்ளிக்கூடத்து வயலின், கம்பிக்குக் காசு கேட்டால் அம்மா எங்கே போவாள் என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது.

நீங்கள் திரும்பினீர்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். "ஏட்டி, கண்ணுல படலைல்லா" என்று அது ஒன்றைத்தான் கேட்டீர்கள். உங்கள் கைப்பையைத் திறந்து, ஒரு காகித உறையிலிருந்து புதுக் கம்பி எடுத்தீர்கள். ஓட்டையில் கம்பியை எப்படி நுழைப்பது, பிரடையைத் திருகும்போதே உள்பக்கமாக எப்படி அழுத்துவது என்று காட்டினீர்கள். கம்பியை மாட்டியது நான்தான். உங்கள் விரல் என் விரலுக்கு மேலே சும்மா இருந்தது.

அப்புறம் சொன்னீர்கள்: "ரெண்டு கம்பியையும் சேத்து இழு. நடுவுல ஒரு அலை அடிக்கும். கேளு. பக்கத்துல வர வர அலை மெதுவாகும். நிக்கிற வரைக்கும் காத்திரு. நின்னதும் கையை எடுத்துரு."

இழுத்தேன். முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. பிறகு உள்ளே ஏதோ துடிப்பது தெரிந்தது. பிரடையை மயிரிழை திருப்பினேன். துடிப்பு நீண்டது. இன்னும் கொஞ்சம். பிறகு அது நின்றது. ஸட்ஜமும் பஞ்சமமும் ஒன்றாகி, அந்தப் பழைய மரம் என் நெஞ்செலும்போடு சேர்ந்து அதிர்ந்தது. வெளியே பஸ் ஸ்டாண்டு சத்தம் எல்லாம் இருந்திருக்கும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அன்று வகுப்பு முடிய ஆறே முக்கால் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் நீங்கள் துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒருமுறைகூடப் பிரடையைத் தொடவில்லை.

அந்தக் கம்பிகளை நீங்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தீர்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நன்றி, டீச்சர். கம்பிக்கு மட்டும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதற்கு. பன்னிரண்டு வயதுப் பெண்ணை நம்பி ஒரு வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு, அவளாகக் கண்டுபிடிக்கிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருந்ததற்கு. அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

நான் கச்சேரி வித்வான் ஆகவில்லை. லேப் டெக்னீஷியன் வேலை, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் சொந்தமாக ஒரு வயலின் இருக்கிறது. முதல் வருடச் சம்பளத்தில் சேர்த்து வாங்கியது. மார்கழியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் பாடுகிற பெண்களுக்கு நான்தான் வாசிக்கிறேன். ஐந்து கட்டை சுருதி. சில ராத்திரி வாசிக்க நேரமே இருக்காது. அப்போதும் பெட்டியைத் திறந்து சுருதி மட்டும் சேர்த்து வைத்துவிட்டுப் படுப்பேன். பெரியவளுக்கு ஏழு வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அலை நின்னுருச்சா?" என்று கேட்பாள். அந்த வார்த்தை அவளுக்கு உங்களிடமிருந்து வந்தது.

31-ஆம் தேதி காலையில் கிளம்பி, பத்து மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுவோம். பெரியவளையும் கூட்டி வருகிறேன். மூன்று வயலின்களும் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன, கம்பிகள் துருப்பிடித்துப் போயின என்று கேள்விப்பட்டேன். மூன்றுக்கும் புதுக் கம்பி செட்டும், ரோசினும் வாங்கி வைத்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அலமாரிச் சாவியை வாங்கி வைத்தால் போதும். விழா தொடங்குவதற்கு முன்னால் மாடி அறையில் உட்கார்ந்து நானே மாட்டிச் சுருதி சேர்க்கிறேன். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருங்கள், டீச்சர். சுருதிப் பெட்டியை என் மகள் அசைப்பாள்.

என்றும் உங்கள் மாணவி,
ராஜேஸ்வரி