ஒரு மதிப்பெண்

இரவு பதினொன்றரை மணியைத் தாண்டியும் கணித ஆசிரியை மங்கையால் அந்த விடைத்தாளை மூடிவைக்க முடியவில்லை. மறுபடியும் கூட்டிப் பார்த்தும் 34தான் வந்தது. தேர்ச்சிக்கு 35 வேண்டும். பள்ளி விட்ட பிறகும் காத்திருந்து, புரியாத கணக்கைப் புரியும்வரை கேட்டுவிட்டே வீட்டுக்குப் போகிற மாணவியின் தாள் அது.

ஏழாவது வினாவில் அவள் (x − 3)(x + 5) = 0 என்று சரியாகக் காரணிப்படுத்திவிட்டு, x = 3, x = 5 என்று முடித்திருந்தாள். காரணிப்படுத்தலுக்கு 3, தீர்வுகளுக்கு 2 என்றது விடைக்குறிப்பு. ஒரு குறி பிசகியதற்காக அந்த இரண்டையும் மங்கை கொடுக்கவில்லை. சரியான தீர்வுக்கு ஒன்று தரலாமே என்று இப்போது மனம் வாதாடியது. ஆனால், வேறொருவர் தாளாக இருந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்குமா என்ற கேள்வி, நீட்டிய பேனாவைத் தடுத்தது. உழைப்புக்கு மதிப்பெண் போட விடைக்குறிப்பில் இடமில்லை. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

திருத்தி முடித்த கட்டை அவிழ்த்து, ஏழாவது வினாவை மட்டும் தாள்தாளாகப் பார்த்தார். புத்தகத்தையே தொடாத ஒரு மாணவனும் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து, இரண்டையும் இழந்திருந்தான். ஒரு தீர்வு சரியென்றால் ஒரு மதிப்பெண், அது யாருடைய தாளானாலும் சரி என்று முடிவுசெய்து, முதலில் அவனுடைய 61ஐ 62 ஆக்கினார். பிறகு அவளுடைய 34ஐ அடித்து, 35 என்று எழுதிக் கையொப்பமிட்டார்.