தும்பியின் மணல் படுக்கை

முதுமலைக் காட்டில், மோயாறு வளைந்து போகிற ஒரு இடத்தில், தும்பி என்று ஒரு குட்டி யானை இருந்தான். தும்பி என்றதும் மழைக்கு முன்னால் தாழப் பறக்குமே, அந்தப் பூச்சியை நினைத்துக்கொள்ளாதே. யானைக்கும் தும்பி என்று ஒரு பழைய பெயர் உண்டு, அதனால்தான் அதன் கைக்குத் தும்பிக்கை என்று பெயர்.

தும்பிக்கு மூன்று வயது முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. பிறந்த அன்றைக்கே 100 கிலோ இருந்தான். ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் துளியூண்டுதான். அப்போதெல்லாம் அம்மாவின் வயிற்றுக்குக் கீழே நின்றால் தலை இடிக்காது, நாலு காலும் நாலு தூண் மாதிரி, மேலே வயிறு பந்தல் மாதிரி, மழை பெய்தாலும் முதுகில் ஒரு சொட்டு விழாது. அந்தப் பந்தலுக்குள்ளேயே சுருண்டு படுத்து, தும்பிக்கையின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவான். நீ கட்டைவிரலைச் சப்பினாயே, அதே மாதிரிதான்.

இப்போது தும்பி வளர்ந்துவிட்டான். நின்றால் முதுகு அம்மாவின் வயிற்றில் முட்டியது. படுத்தால் கால் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் ராத்திரியானால் பந்தலுக்குள் நுழைந்துவிடுவான், அது அவனுடைய இடம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அம்மாவால்தான் படுக்க முடியவில்லை. அவள் எடை கிட்டத்தட்ட 3000 கிலோ. கீழே பிள்ளை படுத்திருக்கும்போது அவள் எப்படி உட்காருவாள், எப்படிச் சாய்வாள்? நின்றுகொண்டே கொஞ்சம் கண்ணை மூடுவாள், தும்பி புரண்டால் திறப்பாள், காலை நகர்த்தலாமா என்று பார்ப்பாள், வேண்டாம் என்று அப்படியே நிற்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் கூட்டமே மூங்கில் புதருக்குள் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு குருத்தை ஒடித்து வாயில் வைத்தாள். வைத்தவள் மெல்லவே இல்லை. கண் மெதுவாகச் சொக்கியது, காது ஆடுவது நின்றது, வாயிலிருந்த மூங்கில் நழுவி 'சடக்' என்று கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு முழித்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி அதை மறுபடி எடுத்தாள்.

பாட்டி பார்த்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் எங்கே தண்ணீர், எந்தப் பக்கம் போகக்கூடாது, எல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும். அவள் நடந்தால் மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள்.

"நீ படுத்துத் தூங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?" என்று கேட்டாள் பாட்டி.

அம்மா பதில் சொல்லவில்லை. தும்பியைப் பார்த்தாள்.

"அவன் பெரியவன் ஆகிவிட்டான். அவனுக்குன்னு ஒரு படுக்கை போட்டுக் கொடு."

அன்றைக்கே போட்டார்கள். நல்ல படுக்கை அது. ஆற்றங்கரைச் சரிவில் மெத்தென்று மணல் இருக்கிற இடமாகப் பார்த்து, அம்மா முன்னங்காலால் கூழாங்கல்லை எல்லாம் ஒதுக்கினாள், மணலைக் குழித்து ஒரு தொட்டில் மாதிரி ஆக்கினாள், அதன்மேல் காய்ந்த புல்லைத் தூவினாள். தலைமாட்டில் ஒரு பழைய கரையான் புற்று இருந்தது, கரையானும் இல்லை பாம்பும் இல்லை, வெறும் மண். யானைகளுக்கு அதுதான் தலையணை. சித்தி தும்பிக்கையால் புழுதியை ஊதி அந்தத் தலையணையைத் துடைத்தாள். தும்பியும் தன் பங்குக்கு ஒரு கொத்து மூங்கில் இலை கொண்டுவந்தான், வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டான், மீதியைப் போட்டான்.

அம்மா நிற்கிற இடத்திலிருந்து அந்தப் படுக்கை அம்மாவின் எட்டுக்குப் பத்து எட்டு. தும்பியின் எட்டுக்கு இருபது.

இருட்டியது. தை மாதம், நல்ல குளிர். ஆற்றின் மேலே பனி புகை மாதிரி படர்ந்தது. தும்பி தன் படுக்கையில் படுத்தான், தலையைப் புற்றில் சாய்த்தான், தும்பிக்கையை வாயில் வைத்தான், கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தான்.

எழுந்து இருபது எட்டு நடந்து வந்தான். "அம்மா, தாகமா இருக்கு."

அம்மா ஆற்றுக்குக் கூட்டிப் போனாள். தும்பி நாலு உறிஞ்சு உறிஞ்சி வாய்க்குள் விட்டுக்கொண்டான், ஐந்தாவதை முதுகில் பீய்ச்சிக்கொள்ளப் பார்த்தான், அம்மா விடவில்லை. குளிர் அல்லவா. அப்புறம் சொன்னாள்:

"அது அம்மா இடம், இது தும்பி இடம். வா கண்ணு, கொண்டுபோய் விடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சியும் சொல்லவில்லை. பத்து எட்டு நடந்து, படுக்க வைத்து, நெற்றியில் ஒரு தடவை தடவிவிட்டு, திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் ஆனது. சில்வண்டு கத்தியது. எங்கோ ஒரு கடமான் கனைத்தது. அப்புறம், தும்பியின் காதுக்குப் பக்கத்திலேயே, 'டப்' என்று ஒரு சத்தம்.

இருபது எட்டையும் ஓட்டமாக ஓடி வந்தான். "அம்மா! அங்க யாரோ வந்துட்டாங்க!"

அம்மா அவனோடு போய்ப் பார்த்தாள். படுக்கை ஓரத்தில் ஒரு தேக்கு இலை கிடந்தது. தை மாதம் வந்தால் தேக்கு இலை உதிர்க்கும், காய்ந்த இலை ஒன்று முறம் அகலம் இருக்கும், அது விழுந்தால் சத்தம் வராமல் இருக்குமா? "மிதிச்சுப் பாரு" என்றாள் அம்மா. தும்பி பயந்து பயந்து ஒரு காலை வைத்தான். 'நொறுக்'. இன்னொரு தடவை வைத்தான். 'நொறுக் நொறுக்'. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது அம்மா இடம், இது தும்பி இடம். படு கண்ணு."

அதே மாதிரி. அதே குரல். நெற்றியில் அதே ஒரு தடவல்.

மூன்றாவது தடவை தும்பி ஓடி வரவில்லை. மெதுவாக வந்தான், பாதி வழியில் நின்றான், மறுபடி வந்தான். அம்மாவின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் நின்று காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தங்கம்? தாகமா?"

"இல்ல."

"இலை விழுந்துச்சா?"

"இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னான்: "சும்மா வந்தேன். இருட்டுல நீ இருக்கியா இல்லையான்னு தெரியல."

அம்மா குனிந்து தும்பிக்கையால் அவனைச் சுற்றி அணைத்துக்கொண்டாள். தாகமும் இல்லை, இலையும் இல்லை, முதலிலிருந்தே இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"உன் கால் எதுக்கு இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"நடக்க."

"கேட்கவும்தான். வா, காட்டறேன்."

படுக்கையில் கொண்டுபோய் விட்டாள். "நாலு காலையும் தரையில நல்லா பதிச்சு நில்லு. நான் என் இடத்துக்குப் போறேன். கண்ணை மூடிக்கோ. என்னைத் தேடாத, கால்ல என்ன தெரியுதுன்னு மட்டும் பாரு."

பத்து எட்டு. இருட்டில் அம்மா கரைந்து போனாள். தும்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஒன்றுமே இல்லை. மணல் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது.

ம்ம்ம்ம்ம்ம்.

காதில் இல்லை, காலில். மணலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெதுவாக நடுங்கி, உள்ளங்காலில் கூசி, முழங்காலுக்கு ஏறி, நெஞ்சுக்குள் போய் நின்றது. யானைகள் அடித்தொண்டையில் அப்படி ஒரு குரல் கொடுக்கும், அது அவ்வளவு தாழ்ந்த குரல், அதில் பாதி நம் காதுக்குக் கேட்கவே கேட்காது. நீயும் நானும் அந்த ஆற்றங்கரையில் நின்றிருந்தால் காடு அமைதியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருப்போம்.

தும்பிக்கு அதில் அம்மா சொல்வது தெளிவாகக் கேட்டது. இங்கேதான் இருக்கேன்.

அவனும் ஒன்று கொடுத்துப் பார்த்தான். ம்ம். சின்னதாக, கொஞ்சம் கோணலாக வந்தது. உடனே மணலுக்குள்ளிருந்து பதில் வந்தது. ம்ம்ம்ம்ம்ம்.

"இப்பப் படு," என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் ஒரு மூங்கில் தின்னு முடிக்கிற நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். நீ வர வேண்டாம். அதுவே வரும்."

தும்பி படுத்தான். தாடையை மணலில் வைத்தான், தலையைப் புற்றில் சாய்த்தான். அம்மா மூங்கில் ஒடிப்பது கேட்டது, மெல்லுவது கேட்டது. ம்ம்ம்ம்ம்ம். புற்று வழியாக வந்தபோது இன்னும் இதமாக இருந்தது, கன்னத்தில் யாரோ ஊதுவது மாதிரி.

இரண்டாவது மூங்கில் கொஞ்சம் நீளமானதோ என்னவோ, அம்மா முடிக்க நேரம் ஆனது. தும்பி தலையைத் தூக்கினான். ஒரு காலைப் படுக்கைக்கு வெளியே வைத்தான். இன்னொரு காலையும் வைக்கப் போனான்.

ம்ம்ம்ம்ம்ம்.

வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.

மூன்றாவது மூங்கிலுக்கு அவனும் ம்ம் என்றான். நாலாவதுக்கும் சொன்னான், பாதியில் கொட்டாவி வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு அவனிடமிருந்து பதில் வரவில்லை.

அடுத்த நாள் ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்து வந்தான். அம்மா அதையே சொன்னாள், அது அம்மா இடம், இது தும்பி இடம், பத்து எட்டு நடந்து கொண்டுபோய் விட்டாள். அதற்கு அடுத்த நாள் தண்ணீரை முதலிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு, தேக்கு இலைகளை எல்லாம் முதலிலேயே நொறுக் நொறுக் என்று மிதித்துவிட்டு, தானே போய்ப் படுத்துக்கொண்டான்.

ம்ம்ம்ம்ம்ம்.

ம்ம்.

ம்ம்ம்ம்ம்ம்.

பதில் இல்லை.

அம்மா சத்தம் போடாமல் பத்து எட்டு நடந்து வந்து பார்த்தாள். தும்பி மணலோடு மணலாகக் கிடந்தான். தும்பிக்கை நுனி வாயில் இருந்தது. கண் இமை முடியில் ஒரு புல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் அது லேசாக ஆடியது. அம்மா அதை எடுக்கவில்லை. எடுத்தால் முழித்துவிடுவானே.

திரும்பித் தன் இடத்துக்குப் போனாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பாட்டி காவலுக்கு நின்றுகொண்டிருந்தாள், சரி, நீ படு என்கிற மாதிரி ஒரு தடவை காதை ஆட்டினாள். அம்மா முதலில் பின்னங்காலை மடித்தாள், அப்புறம் முன்னங்காலை, அப்புறம் அந்த 3000 கிலோவையும் சரிவில் மெதுவாகச் சாய்த்தாள். தரை 'தும்' என்று ஒரு தடவை அதிர்ந்தது. அக்கரையில் ஒரு புள்ளிமான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

அந்த அதிர்வு மணல் வழியாகப் போய், புற்று வழியாகப் போய், தும்பியின் கன்னத்தைத் தொட்டது. அவன் தூக்கத்திலேயே ம்ம் என்று சொல்லிவிட்டு, தன் படுக்கையிலேயே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.