சித்திரை 1லேருந்து குத்துவிளக்கு ரேட் மாறுது அண்ணே

அண்ணே வணக்கம், போன்ல சொன்னா பாதிதான் வரும் அதனால டைப் பண்ணியே அனுப்புறேன், கடை சாத்தினதுக்கப்புறம் நிதானமா படிங்க.

விஷயம் இதுதான். சித்திரை 1, அதாவது ஏப்ரல் 14லேருந்து குத்துவிளக்கு கிலோ 940லேருந்து 1,040 ஆகுது. நீங்க அதிகமா எடுக்குற 2 அடி அன்னம் விளக்கு 5 கிலோ நிக்கும்ல, அது 4,700லேருந்து 5,200 ஆகும். மயிலாடுதுறைல கல்யாணச் சீருக்கு வர்றவங்ககிட்ட 500 ரூபா கூட சொல்றது எவ்வளவு சங்கடம்னு எனக்குத் தெரியும்ணே, அதனாலதான் ஒன்றரை மாசம் முன்னாடியே சொல்றேன், சரக்கு வந்து இறங்குன அன்னிக்கு பில்லைப் பாத்து நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது.

காரணம் செம்புதான். பித்தளைல மூணுல ரெண்டு பங்கு கிட்ட செம்பு, மீதி துத்தநாகம். 2025 செப்டம்பர்ல இந்தோனேசியாவுல ஒரு பெரிய செம்புச் சுரங்கத்துல மண் சரிஞ்சு வேலை நின்னுச்சு, அடுத்த மாசமே லண்டன் மார்க்கெட்ல டன் 11,000 டாலரைத் தாண்டுச்சு. அங்க ஏறுனா இங்க நாச்சியார்கோயில்ல பழைய பித்தளை விக்கிறவர் தராசுலயும் ஏறிடுது. போன ஆவணில நான் கிலோ 510க்கு வாங்குனேன், இப்ப 590 கேக்குறாங்க. 80 ரூபா வித்தியாசம், உருக்குறப்ப போற சேதாரத்தையும் சேத்தா 85. கடைசல், பாலிஷ் கூலி கிலோவுக்கு 20 கூட்டிக் குடுத்துட்டேன், அது குடுக்கணும்ணே, நாள் பூரா கடைசல் மெஷின்ல குனிஞ்சு நிக்கிற வேலைக்கு இப்ப பசங்களே வர்றதில்ல, இருக்குறவங்களையாவது நிறுத்தி வச்சிக்கணும். கரிக்கு 10. ஆக மொத்தம் 115 ஏறியிருக்கு, நான் கேக்குறது 100, மீதி 15 என் கைல போவட்டும். காவிரி வண்டல் மட்டும்தான் பழைய விலைக்கே கெடைக்குது.

ரேட்டை ஏத்தாம எடையைக் குறைச்சுக் குடுன்னு ரெண்டு மூணு கடைல சொன்னாங்க. பீடத்துக்கு உள்பக்கம் கூடுதானே, அங்க தடிமனைக் குறைச்சா வெளில யாருக்கும் தெரியாது. ஆனா எண்ணெய் ஊத்தி அஞ்சு திரியும் போட்டு ஏத்துனா மேல் பாரம் தாங்காம ஆடும். அப்படி வேற எடத்துல வார்த்த ஒரு விளக்கு போன வருசம் ரிப்பேருக்கு என்கிட்ட வந்துச்சு, பீடத்தை விரலால தட்டுனா தகர டப்பா சத்தம், கீழ காயிதம் மடிச்சு வச்சு நிக்க வச்சிருந்திருக்காங்க பாவம், பொண்ணுக்குக் குடுத்த சீரு அது. நான் அதைச் செய்யமாட்டேன்ணே.

உங்களுக்கு பாரம் குறைய என்னால முடிஞ்சதைச் சொல்றேன். ஆவணில வாங்குன பித்தளை இன்னும் கொஞ்சம் கைல இருக்கு, அதுல 150 கிலோ விளக்கு உங்களுக்குன்னு ஒதுக்குறேன், பழைய 940 ரேட்டுதான், பங்குனி 20க்குள்ள ஆர்டரும் பாதி அட்வான்ஸும் வந்துட்டா போதும். 150 கிலோவும் எடுத்தா அட்வான்ஸ் 70,500 வரும், கம்மியா எடுத்தாலும் சரிதான். வைகாசி முகூர்த்தத்துக்கு முன்னாடி சரக்கு உங்க கடைல இருக்கும்.

இன்னொண்ணு, இதுதான் உங்களுக்கு ரொம்ப லாபம்னு நெனைக்கிறேன். உங்க கடைக்கு பழைய அண்டா, குடம், ஓட்டை விழுந்த தவலையெல்லாம் மாத்த வருமே, அதை வேற ஆளுக்குத் தள்ளாம எனக்கு அனுப்புங்க, கிலோவுக்கு 590 பில்லுல கழிச்சுக்கறேன். அப்ப நீங்க கைலேருந்து குடுக்குறது கிலோவுக்கு 450தான். ஈயம் பூசுனது, இரும்பு வளையம் மாட்டுனது மட்டும் தனியா கட்டி வைங்க, அது கலந்தா வார்ப்பு கெட்டுப்போவும்.

காமாட்சி விளக்கு, அரை அடி விளக்கு இந்த சின்ன உருப்படிங்களுக்கு ஒரேடியா ஏத்தல, சித்திரைல 50, ஆடி 1லேருந்து இன்னொரு 50. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்குறவங்க அதைத்தான் கேப்பாங்க, அதுல வேகமா ஏத்துனா உங்க கடைக்கு ஆள் வர்றதே குறைஞ்சிடும்.

பழைய பித்தளை 540க்குக் கீழ வந்து ஒரு மாசம் அப்படியே நின்னுச்சுன்னா நானே கூப்பிட்டு ரேட்டை இறக்குவேன், நீங்க கேக்க வேண்டியதில்ல. வாங்குற சீட்டு பூரா பட்டறைல இருக்கு, எப்ப வந்தாலும் பாக்கலாம். ஏற்கனவே நீங்க சொல்லி வச்ச 12 அன்னம் விளக்கு பழைய ரேட்டுதான், அதுல மாத்தம் இல்ல.

வியாழக்கிழமை நான் மயிலாடுதுறைக்கு வர்றேன், பதினொரு மணிக்கு மேல கடைல இருப்பீங்களா? அதுக்குள்ள பழைய பித்தளை எவ்வளவு கெடக்குன்னு மட்டும் ஒரு எடை போட்டு வைங்கண்ணே, வண்டியோட வந்துடுறேன்.